அடங்கும் இரண்டு அமைப்புகள், அடங்காத ஓர் ஊஞ்சல்

மோட்டாரின் தண்டில் ஒரு மெல்லிய உலோகக் கையைப் பொருத்தியிருந்தோம். கணினி சொல்லும் கோணத்துக்குக் கை திரும்பி அங்கே அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கை இலக்கிலிருந்து விலகினால் கட்டுப்படுத்தி அதை ஒரு ஸ்பிரிங் போல இழுத்துப் பிடிக்கும். அந்த ஸ்பிரிங்கின் விறைப்பை நாம் மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். விறைப்பைக் கூட்டினால் கை சட்டென்று வரும், ஆனால் இலக்கில் கொஞ்ச நேரம் துடிக்கும். குறைத்தால் சாவகாசமாக வந்து நிற்கும்.

எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. இலக்கை நோக்கி வரும்போது விறைப்பான அமைப்பு, இலக்கைத் தாண்டி அப்பால் போகும்போது மென்மையான அமைப்பு என்று மாற்றி மாற்றி வைத்தால் என்ன? வேகமும் கிடைக்கும், துடிப்பும் குறையும் என்று நம்பினேன். இரண்டு அமைப்புகளையும் தனித்தனியாக இரவு முழுவதும் ஓட்டிப் பார்த்தோம். எங்கிருந்து விட்டாலும் கை இலக்கில் வந்து நின்றது. கையால் சுவிட்சைத் தட்டி, பத்து நொடிக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியும் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை தானியங்கி மாற்றத்தை இயக்கினேன். கை இலக்கைத் தாண்டியது, திரும்பியது, முன்பைவிட அதிகமாகத் தாண்டியது. நான்காவது வீச்சில் எல்லை சுவிட்சில் மோதி, மின்சாரம் துண்டிக்கப்பட்டு நின்றது. நிரலில் ஏதோ குறி மாறியிருக்க வேண்டும் என்று அரை நாள் தேடினேன். குறி எல்லாம் சரியாகவே இருந்தது.

எங்கள் குழுவின் மூத்தவர் திரையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ ஊஞ்சலில் நின்றுகொண்டு எம்பி எம்பி ஆடியிருக்கிறாயா?" என்று கேட்டார்.

"ஆடியிருக்கிறேன் சார்."

"எப்போது குனிவாய், எப்போது எழுவாய்?"

உடம்புக்குத் தெரிந்த பதிலை வாயால் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. உச்சியில் குந்த வேண்டும். கீழே நடுவில் வரும்போது எழுந்து நிற்க வேண்டும். மறுபக்க உச்சியில் மீண்டும் குந்த வேண்டும். இப்படிச் செய்தால் யாரும் பின்னாலிருந்து தள்ளாமலே ஊஞ்சல் உயர உயரப் போகும்.

அவர் காட்டிய இடம் இதுதான். குந்தியபடியே இருந்தால் ஊஞ்சல் காற்றின் தடையாலும் கயிற்றின் உராய்வாலும் மெல்ல அடங்கிவிடும். நின்றபடியே இருந்தாலும் அடங்கிவிடும். குந்திய ஊஞ்சல் ஒரு நீளமான ஊசல், நின்ற ஊஞ்சல் ஒரு குட்டையான ஊசல். இரண்டுமே நிலையானவை. ஆனால் சரியான கணத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் வீச்சு பெருகுகிறது. உராய்வை விட்டுவிட்டு, சிறு வீச்சுக்குக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு அரை வீச்சிலும் கோணம், நீளங்களின் விகிதத்தின் ஒன்றரை மடி அளவுக்குப் பெருகும். குந்தும்போது ஊசலின் நீளம் 2.7 மீட்டர், நிற்கும்போது 2.4 மீட்டர் என்று வைத்தால், விகிதம் 1.125. ஒவ்வொரு அரை வீச்சுக்கும் சுமார் 19 சதவீதப் பெருக்கம். அதற்கான ஆற்றல் எழுந்து நிற்கும் கால்களிலிருந்து வருகிறது. என் மோட்டாரில் அது விறைப்பை மாற்றும் மின்சுற்றிலிருந்து வந்தது. வரும்போது விறைப்பாக இழுத்து வேகம் ஏற்றிவிட்டு, போகும்போது மென்மையாக விட்டுவிட்டேன். கை ஏன் அதிக தூரம் போகாது?

நேரியல் அமைப்புகளைப் படித்தவர்களுக்கு இது உறுத்தும். அமைப்பின் கெழுக்களை அடுக்கிய அணியின் ஐகன் மதிப்புகளின் மெய்ப்பகுதி எல்லாம் எதிர்மறையாக இருந்தால் அமைப்பு நிலையானது என்றுதான் கல்லூரியில் படித்தோம். அது பொய்யில்லை. ஆனால் அணி மாறாமல் இருக்கும்வரைதான் அந்த வாக்கு செல்லும். இதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனம் ஒப்புகிறது. எனவே எண்கள் அழகாக விழும்படி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன்.

```
அமைப்பு 1:   x' = -d·x +   y      y' = -4·x - d·y
அமைப்பு 2:   x' = -d·x + 4·y      y' =   -x - d·y
```

x என்பதை ஊஞ்சலின் கோணமாகவும் y என்பதைச் சுழற்சி உந்தமாகவும் நினைத்துக்கொள்ளலாம். அமைப்பு 1 குந்திய நிலை, அமைப்பு 2 நின்ற நிலை. உண்மையான ஊஞ்சலின் எண்கள் இப்படிச் சமச்சீராக இருக்காது, ஆனால் உருவம் இதேதான். d என்பது தணிப்பு. முதலில் d = 0.1 என்று வைப்போம். இரண்டு அணிகளுக்கும் ஐகன் மதிப்புகள் ஒன்றே: −0.1 ± 2i. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்று, ஒரே வேகத்தில் அடங்குகின்றன. வேறுபாடு பாதையின் வடிவத்தில் மட்டும்தான். அமைப்பு 1-இன் பாதை நெட்டுக்குத்தாக நிற்கும் நீள்வட்டம். அகலத்தைப் போல இரு மடங்கு உயரம். அமைப்பு 2-இன் பாதை அதே நீள்வட்டம் படுத்துக் கிடப்பது. இரண்டிலும் புள்ளி கடிகாரத் திசையில் சுற்றியபடி மெல்ல உள்ளே சுருங்கும்.

இப்போது (1, 0) என்ற புள்ளியில் தொடங்குகிறோம். அமைப்பு 1-ஐ கால் சுற்றுக்கு ஓட்டினால் π/4 நொடி, அதாவது 0.785 நொடி ஆகும். நெட்டுக்குத்தான நீள்வட்டம் என்பதால் புள்ளி கீழே (0, −2)-க்குப் போக வேண்டும். தணிப்பு அதை 0.924 ஆல் பெருக்கி (0, −1.85)-க்குக் கொண்டுவருகிறது. இங்கே அமைப்பு 2-க்கு மாறுகிறோம். படுத்த நீள்வட்டத்தில் கால் சுற்று போனால் தூரம் மறுபடி இரட்டிக்கும், மறுபடி 0.924 ஆல் குறையும். புள்ளி (−3.42, 0)-க்கு வந்துவிடும். இப்படியே π நொடியில் ஒரு முழுச் சுற்று முடியும்போது தூரம் 11.69 மடங்காகியிருக்கும்.

சந்தேகம் இருப்பவர்கள் ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import numpy as np
from scipy.linalg import expm

d = 0.1
A1 = np.array([[-d, 1], [-4, -d]])
A2 = np.array([[-d, 4], [-1, -d]])
x = np.array([1.0, 0.0])
for k in range(8):
    A = A1 if k % 2 == 0 else A2
    x = expm(A * np.pi / 4) @ x
    print(k + 1, np.linalg.norm(x))
```

நிரலில் A1, A2 இரண்டையும் இடம் மாற்றிவிட்டு ஓட்டினால், அதே (1, 0)-இலிருந்து தூரம் ஒவ்வொரு கால் சுற்றிலும் பாதிக்கும் கீழே போகும். ஒரு முழுச் சுற்றில் 0.046 மடங்குதான் மிஞ்சும். ஊஞ்சலில் உச்சியில் எழுந்து நடுவில் குந்தினால் சட்டென்று நின்றுவிடுவது இதனால்தான். நான் மோட்டாரில் நினைத்த விதியை அப்படியே தலைகீழாக எழுதியிருந்தால், நான் விரும்பியது கிடைத்திருக்கும்.

எங்கள் சோதனை ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை? பத்து நொடிக்கு ஒருமுறை மாற்றினோம். மேலுள்ள எடுத்துக்காட்டில் ஒவ்வொரு மாற்றத்தாலும் வரக்கூடிய அதிகபட்ச நட்டம் தூரத்தில் இரண்டு மடங்கு. அதைத் தணிப்பு ஈடுகட்ட ln 2 / 0.1, அதாவது 6.93 நொடி போதும். எந்த அமைப்புக்கு மாறினாலும் அதற்கு மேல் தங்கியிருந்தால் எந்த ஆபத்தும் இல்லை. இதைத் தங்கு நேரம் என்பார்கள். மறுபக்கம், மிக மிக வேகமாகச் சரிபாதி நேரம் மாற்றினாலும் ஆபத்தில்லை. அப்போது அமைப்பு இரண்டு அணிகளின் சராசரியைப் போல நடந்துகொள்ளும், அந்தச் சராசரியின் ஐகன் மதிப்புகள் −0.1 ± 2.5i. அதுவும் நிலையானது. மெதுவாக மாற்றினாலும் அடங்குகிறது, கண்மூடித் திறப்பதற்குள் மாற்றினாலும் அடங்குகிறது. நடுவில், அமைப்பின் சொந்தத் துடிப்போடு ஒத்துப்போகும் வேகத்தில் மட்டும் வெடிக்கிறது. சுவிட்சைக் கை போன போக்கில் தட்டிச் சோதிப்பவர் அந்த இடத்தைத் தொடாமலே போய்விட வாய்ப்பு அதிகம். ஆனால் கையின் நிலையைப் பார்த்து மாற்றும் விதி, ஒவ்வொரு வீச்சிலும் தவறாமல் அந்த இடத்தையே தொடும்.

இனி லியாபுனோவுக்கு வருகிறேன். ரஷ்யக் கணிதவியலாளர் அலெக்சாந்தர் லியாபுனோவ் 1892-இல் வெளியிட்ட ஆய்வில், சமன்பாட்டைத் தீர்க்காமலே நிலைப்பை நிறுவ ஒரு வழி சொன்னார். மையத்தில் மட்டும் பூச்சியமாகவும் மற்ற எல்லா இடங்களிலும் நேர்மமாகவும் உள்ள ஒரு சார்பு V-ஐக் கண்டுபிடியுங்கள். அமைப்பு எங்கே ஓடினாலும் V குறைந்துகொண்டே வருகிறது என்று காட்டுங்கள். அது போதும், அமைப்பு மையத்துக்கு வந்தே தீரும். அந்த V-ஐத்தான் லியாபுனோவ் சார்பு என்பார்கள். ஆற்றல் வடிந்துகொண்டே போகும் ஊசல் நிற்கும் என்பதன் பொது வடிவம் இது.

நம் அமைப்பு 1-க்கு V1 = 4x² + y² பொருந்தும். வகைக்கெழுவை எடுத்தால் xy உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, V1' = −0.2·V1 என்று மட்டும் மிஞ்சும். அமைப்பு 2-க்கு V2 = x² + 4y² அதே அழகோடு பொருந்தும். ஆக ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது, ஒவ்வொன்றும் தன் வேலை நேரத்தில் இறங்குமுகமாகவே இருக்கிறது. பிறகு எங்கே தவறு நடக்கிறது?

நம் பயணத்தில் இரண்டு புத்தகங்களையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். தொடக்கத்தில் (1, 0)-இல் V1 = 4, V2 = 1. அமைப்பு 1 ஓடி முடித்ததும் V1 = 3.42. குறைந்திருக்கிறது, முதல் புத்தகத்தை எழுதியவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் அதே கணத்தில் யாரும் பார்க்காத V2, 1-இலிருந்து 13.67-க்கு ஏறியிருக்கிறது. இப்போது அமைப்பு 2 பொறுப்பேற்கிறது. அது 13.67-ஐ 11.69-ஆகக் குறைத்துத் தன் கணக்கை நேர்மையாக முடிக்கிறது. அதற்குள் V1 46.7 ஆகிவிட்டது. இருவரும் தம் பொழுதில் செலவைக் குறைத்தே எழுதினார்கள். கை மாறும் கணத்தில் கடன் முழுதும் அடுத்தவர் தலையில் விழுந்துகொண்டே வந்திருக்கிறது.

பொது லியாபுனோவ் சார்பு என்பது இந்த ஓட்டையை அடைப்பதற்கான வழி. புத்தகம் ஒன்றுதான் இருக்க வேண்டும். எந்த அமைப்பு பொறுப்பில் இருந்தாலும் அந்த ஒரே V குறைய வேண்டும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால், யார் எப்போது எத்தனை முறை மாற்றினார் என்று கேட்கவே தேவையில்லை. மாற்றும் கணத்தில் V தாவாது, அதற்கு முன்பும் பின்பும் குறைகிறது. d = 0.1 ஆக இருக்கும்போது அப்படியொரு V இருக்கவே முடியாது. 11.69 மடங்கு பெருகும் பாதையை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம்.

சில நேரங்களில் அது இலவசமாகவே கிடைக்கும். இரண்டு அணிகளைப் பெருக்கும் வரிசை விடையைப் பாதிக்காது, அதாவது A1·A2 = A2·A1 என்றால், மாறி மாறி ஓடிய நேரங்களைப் பிரித்தெடுத்து, அமைப்பு 1-இன் நேரம் முழுவதையும் முதலிலும் அமைப்பு 2-இன் நேரம் முழுவதையும் பிறகும் ஓடியதாகக் கணக்கிடலாம். விடை அதேதான். எனவே வெடிக்க வழியில்லை. இத்தகைய அணிகளுக்குப் பொதுவான இருபடி லியாபுனோவ் சார்பு எப்போதும் உண்டு என்பதை நரேந்திராவும் பாலகிருஷ்ணனும் 1994-இல் காட்டினார்கள். நம் இரண்டு அணிகள் அப்படி இல்லை.

தணிப்பைக் கூட்டினால்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எளிமையான தேர்வு வட்டம்: V = x² + y². அமைப்பு 1-இல் இதன் வகைக்கெழு −2d(x² + y²) − 6xy. இரண்டாவது உறுப்பு அதிகபட்சம் 3(x² + y²) வரை ஏறும். எனவே d, 1.5-ஐத் தாண்டினால் V எங்கும் குறையும். அமைப்பு 2-க்கும் இதே கணக்கு. ஆக d > 1.5 என்றால் எப்படி மாற்றினாலும் பயமில்லை.

1.5-க்குக் கீழே வட்டம் தோற்கிறது. சரி, வட்டத்தை விட்டுவிட்டுச் சாய்ந்த நீள்வட்டம் ஒன்றைத் தேடலாமே என்று தோன்றும். நானும் கணினியில் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்காத காரணத்தை மூத்தவர் ஒரு துண்டுத் தாளில் மூன்று வரியில் எழுதிக் காட்டினார். நம் தளத்தை 90 பாகை திருப்பினால் அமைப்பு 1 அப்படியே அமைப்பு 2 ஆகிறது, அமைப்பு 2 அமைப்பு 1 ஆகிறது. எனவே ax² + 2bxy + cy² என்ற இருபடிச் சார்பு இரண்டுக்கும் பொருந்தினால், அதை 90 பாகை திருப்பிக் கிடைக்கும் cx² − 2bxy + ay² என்பதும் இரண்டுக்கும் பொருந்தியாக வேண்டும். குறைந்துகொண்டே போகும் இரண்டைக் கூட்டினால் அதுவும் குறையும். கூட்டுங்கள்: (a + c)(x² + y²). வட்டம்! ஆக எந்த நீள்வட்டமாவது வேலை செய்யுமானால் வட்டமும் வேலை செய்தாக வேண்டும். வட்டம் தோற்ற இடத்தில் உலகத்தில் உள்ள எல்லா நீள்வட்டங்களும் தோற்றுவிட்டன. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் 1.5-க்குக் கீழே அமைப்பு வெடிக்குமா? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மென்பொருளில் பொதுவான இருபடிச் சார்பைத் தேடுவார்கள். இல்லை என்று விடை வந்ததும் நிலைப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். இருபடிச் சார்பு இல்லை என்பது வேறு, நிலைப்பு இல்லை என்பது வேறு.

உண்மையை அறிய, எதிராளியை முழு பலத்தோடு விளையாடவிட வேண்டும். ஒவ்வொரு கோணத்திலும் எந்த அமைப்பு புள்ளியை அதிகமாக வெளியே தள்ளுகிறதோ, அல்லது குறைவாக உள்ளே இழுக்கிறதோ, அதையே தேர்ந்தெடுக்கும் எதிராளி. நம் இரண்டு அமைப்புகளும் எப்போதும் ஒரே திசையில் சுற்றுவதால் இந்தக் கணக்கு எளிதாகிறது. ஒரு சுற்று முடிவில் புள்ளி வெளியே போயிருக்கிறதா, உள்ளே வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். கால் சுற்றுக்கு ஒருமுறை அச்சில் மாற்றும் நம் பழைய விதிப்படி, d, 0.88-க்குக் கீழே இருந்தால் வெடிக்கும். எதிராளி இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரர். தணிப்பு கூடும்போது அச்சை அடைவதற்குச் சுமார் 11 பாகை முன்பே மாற்றிவிடுவது அவருக்கு லாபம். அப்படி மாற்றினால் d ஏறத்தாழ 0.97 வரை அவர் ஜெயிக்கிறார். அதற்கு மேல் அவராலும் முடியாது.

ஆக 0.97-க்கும் 1.5-க்கும் இடையே ஒரு நிலப்பரப்பு இருக்கிறது. அங்கே எப்படி மாற்றினாலும் அமைப்பு அடங்கும், ஆனால் அதற்குச் சாட்சி சொல்ல ஒரு நீள்வட்டமும் கிடைக்காது. எந்த மாற்றத்துக்கும் சீராக அடங்கும் அமைப்புக்குப் பொது லியாபுனோவ் சார்பு ஒன்று கட்டாயம் உண்டு, ஆனால் அது இருபடியாக இருக்க வேண்டியதில்லை என்று தயவன்சாவும் மார்ட்டினும் 1999-இல் நிறுவினார்கள்.

நம் எடுத்துக்காட்டில் அந்தச் சார்பு எப்படி இருக்கும்? எதிராளியின் பாதையே அதை வரைந்து தருகிறது. d சரியாக அந்த 0.97 எல்லையில் இருக்கும்போது, மிக மோசமான பாதை வெளியேயும் போகாமல் உள்ளேயும் வராமல் ஒரு சுற்று முடிந்ததும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி, மூடிய கோடாகிவிடுகிறது. அதே வளைவை 90 பாகை 90 பாகையாகத் திருப்பி நான்கு முறை ஒட்டியது போன்ற, நான்கு பக்கமும் லேசாகப் புடைத்த ஒரு வடிவம். அந்தக் கோட்டின் மேல் எங்கே நின்றாலும், எதிராளி தேர்ந்தெடுக்கும் அமைப்பு புள்ளியைக் கோட்டின் மேலேயே நடத்தும், மற்ற அமைப்பு உள்ளே தள்ளும். இப்போது d-ஐக் கொஞ்சம் கூட்டுங்கள். கூடுதல் தணிப்பு எல்லாப் புள்ளிகளையும் நேராக மையத்தை நோக்கி இழுக்கும். இரண்டு அமைப்புகளும் அந்தக் கோட்டை உள்நோக்கி மட்டுமே கடக்கும். அந்த வடிவத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால், அதுதான் நீள்வட்டங்களால் தர முடியாத பொது லியாபுனோவ் சார்பு.

மோட்டாரின் கைக்கு நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. மென்மையான அமைப்பின் தணிப்பைக் கூட்டி, விறைப்பான அமைப்பின் விறைப்பைக் கொஞ்சம் இறக்கி, இரண்டுக்கும் பொதுவான ஒரு நீள்வட்டம் கிடைக்கும்வரை எண்களை நகர்த்தினோம். கிடைத்ததும் பழைய விதியையே, நான் முதலில் எழுதியபடியே, ஓட்டினோம். கை இலக்கைத் தாண்டியது, திரும்பியது, முன்பைவிடக் குறைவாகத் தாண்டியது, நின்றது.